நாளைக்குப் பால் வேண்டாம்

பசு மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நீங்கள் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போயிருந்தாலும் சரி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாலையே நிறுத்தியிருந்தாலும் சரி, விடியற்காலை நாலரை மணிக்கு மடி கனத்து அது நிற்கும். கறந்தே ஆக வேண்டும். கறந்த பாலில் உங்கள் வீட்டுக்கான ஒரு லிட்டர் அன்றைக்கு எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டால், பால்காரரோடு வரும் சண்டைகளில் பாதி வராது.

சென்னையில் பெரும்பாலான வீடுகள் பாக்கெட் பாலுக்கு மாறி வெகுகாலமாகிவிட்டது. ஆனாலும் தாம்பரத்தைத் தாண்டி, பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் மாடு வைத்துக் கறந்து வீடு வீடாக ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிறு நகரங்களில் கேட்கவே வேண்டாம். இந்த வாடிக்கை பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் தொடங்குகிறது. "தினம் ஒரு லிட்டர் ஊத்துங்க அண்ணே", "சரிம்மா", அவ்வளவுதான். எத்தனை மணிக்கு, வராவிட்டால் என்ன, வேண்டாமென்றால் எப்போது சொல்ல வேண்டும் என்பதெல்லாம் முதல் தகராறு வரும்போதுதான் பேசப்படும். அப்போது இரண்டு பக்கமும் கோபத்தில் இருப்பார்கள். முதல் நாளே பேசிவிட்டால் பத்து நிமிட வேலை.

நேரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். நமக்கு ஆறு மணிக்குக் காபி வேண்டும், ஆகவே ஆறு மணிக்குப் பால் வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. "எத்தனை மணிக்குக் கறக்குறீங்க?" கறந்த பால் மாட்டின் உடல் சூட்டோடுதான் கேனுக்கு வருகிறது. குளிர்விக்கும் வசதி பால்காரரிடம் இருக்காது. நம் ஊர் வெயிலில் காய்ச்சாத பாலில் கிருமிகள் மணிக்கு மணி பெருகும். நாலு மணி நேரத்துக்கு மேல் போனால் அடுப்பில் வைத்ததும் திரிகிற வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். கேன் சரியாகக் கழுவப்படவில்லை என்றால் அதற்கு முன்பே திரியும். நாலரைக்குக் கறந்த பால் ஆறு மணிக்குள் உங்கள் கைக்கு வந்து ஆறரைக்குள் கொதித்துவிட்டால் கவலையில்லை. அதே பால் எட்டரைக்கு வந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது வேறு பால். ஆகவே கறக்கும் நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வர வேண்டும் என்று பேசுவதுதான் சரியான கணக்கு. உங்கள் காபி நேரம் அதற்குள் விழுந்தால் நல்லது. விழாவிட்டால் முதல் நாள் மாலைப் பாலில் கொஞ்சம் காய்ச்சிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி: "உங்க லைன்ல எங்க வீடு எத்தனாவது?" பால்காரர் ஒரு வரிசைப்படி போகிறார். தொழுவத்திலிருந்து கிளம்பி, டீக்கடைக்கு ஊற்றி, முதல் தெரு, இரண்டாம் தெரு என்று சுற்றி வருவார். முப்பது வீடு என்றால் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஒரு வீட்டில் பாத்திரம் வெளியே இல்லை, அடுத்த வீட்டில் கதவு திறக்கவில்லை, மூன்றாவது வீட்டில் நேற்றுக் கணக்கு பேச நிறுத்திவிட்டார்கள் என்றால் கடைசி வீட்டுக்கு இருபது நிமிடம் தள்ளிப்போகும். சரியாக ஆறு மணிக்கு என்று அவரை வாக்குக் கொடுக்க வைப்பதில் பயனில்லை. கொடுப்பார், காப்பாற்ற முடியாது. ஐந்தே முக்காலிலிருந்து ஆறே கால் வரை என்று அரை மணி இடைவெளி வைத்துப் பேசினால் அது நடக்கும். ஆறே கால் தாண்டினால் அவர் ஒரு போன் செய்ய வேண்டும். ஏழு வரை போனும் இல்லை, ஆளும் இல்லை என்றால் நாம் கடையில் பாக்கெட் வாங்கிவிடுவோம், அதற்குப் பிறகு வருகிற பாலை எடுக்கக் கட்டாயமில்லை. இதையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஏழே காலுக்கு அவர் கேனோடு வாசலில் நிற்பார். உள்ளே பாக்கெட் பால் கொதித்துக்கொண்டிருக்கும்.

நம் பக்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. அந்த அரை மணி நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும், அல்லது மூடி போட்ட தூக்கு வாசலில் தொங்க வேண்டும். திறந்த பாத்திரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பூனை குடித்துவிட்டது என்று பால்காரரிடம் காசு பிடிப்பது நியாயமில்லை. ஊற்றியதும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. திரிந்துபோனால் மட்டும் ஒரு விதிவிலக்கு வைத்துக்கொள்ளலாம். வந்த அரை மணிக்குள் அடுப்பில் வைத்தும் திரிந்திருந்தால், அன்று காலையே போன் செய்து, திரிந்த பாலைக் கொட்டாமல் வைத்திருந்து காட்டினால், அந்தப் பாலுக்குக் காசில்லை. மூன்று நாள் கழித்து "செவ்வாய்க்கிழமை பால் திரிஞ்சுபோச்சே" என்றால் அவர் என்ன செய்வார்? அன்றைக்கு வேறு எந்த வீட்டில் திரிந்தது என்று கேட்டுப் பார்க்கக்கூட அவருக்கு வழியில்லை.

இனி வேண்டாத நாள் விஷயத்துக்கு வருவோம். எல்லாத் தகராறும் இங்கேதான்.

ஒரு கணக்கு போடுவோம். வீட்டு வாசலில் லிட்டர் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கலாம். நீங்கள் முதல் நாளே சொல்லிவிட்டால், மிஞ்சும் பாலை அவர் பால் சொசைட்டியில் ஊற்றலாம், அல்லது டீக்கடைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். சொசைட்டியில் என்ன கிடைக்கும்? 2023 டிசம்பரில் தமிழக அரசு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தபோது, ஆவினுக்கு ஊற்றும் பசும்பாலுக்கு அதையும் சேர்த்து 38 ரூபாய் என்று ஆனது. அதுவும் கொழுப்பும் மற்ற சத்தும் குறித்த அளவில் இருந்தால்தான் முழுதாகக் கிடைக்கும். அந்த 38-ஐயே வைத்துக்கொண்டால், முன்கூட்டிச் சொல்லப்பட்ட ஒவ்வொரு விடுமுறையிலும் அவருக்கு 22 ரூபாய் குறைகிறது. இதை அவர் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டு விலை சொசைட்டி விலையைவிட இவ்வளவு அதிகமாக இருப்பதே வாசலுக்கு வருகிற நடைக்கும், இப்படி ஒரு நாள் இரண்டு நாள் நின்றுபோகிற நட்டத்துக்கும் சேர்த்துத்தான்.

சொல்லாமல் விட்டால் கணக்கு மாறிவிடுகிறது. ஐந்தே முக்காலுக்கு வாசலில் வந்து நின்ற பிறகு "இன்னைக்கு வேண்டாம்" என்கிறீர்கள். அவருக்கு இன்னும் பதினைந்து வீடு பாக்கி. சுற்றி முடித்து வீடு திரும்ப ஏழரை ஆகும். காலை சொசைட்டியில் பால் எடுத்து முடித்திருப்பார்கள். டீக்கடைக்காரர் தனக்கு வேண்டியதை ஐந்து மணிக்கே வாங்கிவிட்டார். மூன்று மணி நேரம் ஆன அந்தப் பாலைக் காய்ச்சி உறை ஊற்றலாம், அவ்வளவுதான். வழியில் யாராவது கூடுதலாகக் கேட்டால் அதிர்ஷ்டம். கிட்டத்தட்ட 60 ரூபாயும் அவர் தலையில்.

இந்த இரண்டு நிலைக்கும் நடுவில்தான் விதி இருக்க வேண்டும். எனக்குச் சரியென்று படுவது இது: முதல் நாள் மாலை ஏழு மணிக்குள் சொன்னால் காசில்லை. அதற்குப் பிறகோ வாசலிலோ சொன்னால் பாதிக் காசு. சொல்லவே இல்லை, வீடும் பூட்டியிருக்கிறது என்றால் முழுக் காசு. கடைசியில் சொன்னதைக் கடுமை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பூட்டிய வீட்டின் முன் அவர் நின்று மணி அடித்து, போன் போட்டுப் பார்த்து, வரிசையில் மற்ற வீடுகளும் தாமதமாகின்றன. பாதிக்கும் முழுதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு போன் காலுக்குத்தான்.

ஏன் ஏழு மணி என்று கேட்கலாம். நமக்கு இரவு பத்து மணிக்குத்தான் நாளைய திட்டம் முடிவாகிறது. பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டு, சொல்லிவிட்டோம் என்று படுத்துக்கொள்கிறோம். விடியற்காலை மூன்றரைக்கு எழுகிறவர் எட்டு, எட்டரைக்கே தூங்கியிருப்பார். எழுந்ததும் சாணி அள்ளி, தீவனம் வைத்து, மடி கழுவிக் கறக்கிற நேரத்தில் யார் போனைப் பார்ப்பார்கள்? ஏழு மணி என்றால் மாலைக் கறவை முடிந்து அவர் ஓய்வாக இருக்கும் நேரம். டீக்கடைக்காரரிடம் "நாளைக்கு ரெண்டு லிட்டர் சேர்த்து வேணுமா?" என்று கேட்க அவருக்கும் நேரம் இருக்கும். உங்கள் பால்காரர் மாலையிலும் ஊற்ற வருகிறவர் என்றால் இன்னும் நல்லது, அப்போதே நேரில் சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் சேர்த்துப் பேசிக்கொள்ள வேண்டும். அவரிடமிருந்து "சரி" என்று பதில் வந்தால்தான் சொன்னதாகக் கணக்கு. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போவது, பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி அனுப்புவது எல்லாம் சொன்னதில் சேராது. வாட்ச்மேன் ஷிப்ட் மாறிப் போயிருப்பார், பையன் மறந்திருப்பான்.

அளவைக் குறைப்பதும் இதே விதிக்குள்தான் வரும். ஒரு லிட்டருக்குப் பதில் அரை லிட்டர் போதும் என்று வாசலில் சொன்னால், மிஞ்சிய அரை லிட்டருக்குப் பாதிக் காசு. கூடுதலாகக் கேட்பதற்கோ இன்னும் முன்னாலேயே சொல்ல வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லா வீட்டிலும் ஒரு லிட்டர் கூடக் கேட்பார்கள். மாடு பண்டிகை பார்த்துக் கூடக் கறப்பதில்லை. வாசலில் வைத்து "இன்னைக்கு இன்னும் ஒரு லிட்டர் ஊத்துங்க" என்று நீங்கள் வற்புறுத்தி வாங்குகிற பால் இரண்டு இடத்திலிருந்துதான் வர முடியும்: ஒன்று வரிசையில் பின்னால் இருக்கும் வீட்டின் பங்கு, இல்லையென்றால் தண்ணீர்க் குழாய். லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்தால் தண்ணீர் சேர்ந்த பாலில் அது வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். சர்க்கரை போன்றவற்றைக் கரைத்து அதையும் ஏமாற்ற முடியும் என்பதால் அதை முழுதாக நம்பவும் முடியாது. பண்டிகைக்கு மூன்று நாள் முன்பே சொல்லி வைத்தால், அவர் பக்கத்துத் தொழுவத்தில் கேட்டு வாங்கி வைப்பார்.

மாதத்துக்கு எத்தனை நாள் இப்படி வேண்டாமென்று சொல்லலாம்? முன்கூட்டிச் சொன்னாலும் ஒரு நாளுக்கு 22 ரூபாய் அவருக்குக் குறைகிறது என்று பார்த்தோம். மாதம் நாலு நாள் என்றால் 88 ரூபாய். அந்த அளவுக்குப் பெரும்பாலானவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். எட்டு, பத்து என்று போனால் உங்கள் வீட்டை வாடிக்கையாக வைத்திருப்பதில் அவருக்குப் பெரிய லாபமில்லை. ஆனால் எண்ணிக்கையைவிட ஒழுங்கு முக்கியம். ஞாயிறுதோறும் அம்மா வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு சனிக்கிழமையும் போன் செய்து நிறுத்துவதற்குப் பதில், வாரத்தில் ஆறு நாள்தான் எங்களுக்கு வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். ஞாயிறு பாலுக்கு அவர் நிரந்தரமாக ஒரு ஆளைப் பிடித்துவிடுவார், ஒரு ரூபாய்கூட அவருக்கு நட்டமிருக்காது. எப்போது வரும் என்று தெரியாத விடுமுறைதான் அவரைக் கஷ்டப்படுத்துகிறது. அதுபோலவே அடிக்கடி அரை லிட்டர் மிஞ்சுகிறது என்றால் விடுமுறை விதியைப் பிடித்துத் தொங்காமல் தினசரி அளவையே முக்கால் லிட்டராகக் குறைத்துக்கொள்வது நல்லது.

மே மாதம் தனிக் கதை. பள்ளி விடுமுறை விட்டதும் தெருவில் பாதி வீடு ஊருக்குப் போய்விடும். பதினைந்து நாள் உங்கள் ஒரு லிட்டரை அவர் சொசைட்டியில் நட்டத்துக்கு ஊற்றிக்கொண்டிருக்க மாட்டார். வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். திரும்பி வந்து மறுநாள் காலை தூக்கை வெளியே வைத்தால் பால் வராது. நீண்ட விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டும். புறப்படும் தேதியைவிடத் திரும்பும் தேதியைத் திட்டமாகச் சொல்ல வேண்டும். "ஜூன் 2-ஆம் தேதி காலையிலிருந்து பழையபடி" என்று சொல்லி, அதற்கு இரண்டு நாள் முன்னால் ஊரிலிருந்தே ஒரு போன் போட்டு உறுதிசெய்தால் உங்கள் இடம் வரிசையில் இருக்கும்.

அவருக்கும் விடுமுறை விதி வேண்டும். இதை நாம் பேச மறந்துவிடுகிறோம். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துப் பூசை போட வேண்டியவர் வழக்கமான நேரத்துக்கு வர மாட்டார். அன்றைக்குப் பால் எப்போது என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். சினை மாட்டுக்குக் கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் கறவையை நிறுத்திவிடுவார்கள். அந்தக் காலத்தில் அவரிடம் பால் குறையும். ஒரு மாடோ இரண்டு மாடோ வைத்திருப்பவரிடம் வாங்குகிறவர்கள் "எந்த மாடு எப்போ கன்னு போடும்?" என்று கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அந்த இரண்டு மாதம் வேறு இடத்திலிருந்து வாங்கி ஊற்றுவாரா, அளவைக் குறைப்பாரா என்று அப்போதே பேசிவிடலாம். கன்று போட்ட முதல் சில நாள் வருவது சீம்பால், வழக்கமான பால் கணக்கில் அது வராது. நல்ல பழக்கம் உள்ளவர்கள் கன்று குடித்தது போக மிஞ்சியதை வாடிக்கை வீடுகளுக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்புவார்கள், காசு வாங்க மாட்டார்கள்.

முன்கூட்டிச் சொல்லாமல் அவர் வராமல் போனால், அன்றைய பாலுக்குக் காசில்லை என்பது வெளிப்படை. பாக்கெட் வாங்கிய செலவை அவரிடம் பிடிக்கலாமா? நான் வேண்டாம் என்பேன். அப்படிப் பிடித்தால் மாடு உதைத்த அன்றும் காய்ச்சலில் கிடந்த அன்றும் அவர் எங்கிருந்தாவது எந்தப் பாலையாவது கொண்டுவந்து ஊற்றிவிடுவார். அது உங்களுக்குத்தான் கெடுதல். மாதத்தில் மூன்று முறைக்கு மேல் இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் ஒரு பேச்சில் முடித்துவிடலாம். ஏறக்குறைய இப்படி:

"அண்ணே, எத்தனை மணிக்குக் கறக்குறீங்க?"

"நாலரைக்கு உட்காருவேன்மா. அஞ்சு, அஞ்சேகாலுக்குக் கெளம்பிடுவேன்."

"எங்க வீட்டுக்கு ஆறேகாலுக்குள்ள வந்துடுமா?"

"உங்க தெரு மூணாவது. ஆறுக்கு முன்னப் பின்ன வந்துடுவேன்."

"ஆறேகால் தாண்டினா ஒரு போன் மட்டும் பண்ணிடுங்க. நாங்க வேண்டாம்னா மொத நாள் ஏழு மணிக்குள்ள சொல்லிடறோம். அதுக்கப்புறம் சொன்னா பாதிக் காசு குடுத்துடறோம்."

"அதெல்லாம் எதுக்கும்மா..."

"இல்லண்ணே, அந்தப் பாலை நீங்க என்ன பண்ணுவீங்க? கணக்கா இருந்துடலாம். காசு வாரா வாரம் சனிக்கிழமை."

"அதெல்லாம் எதுக்கும்மா" என்று அவர் சொல்வது மரியாதைக்கு. பாதிக் காசை நீங்களாகச் சொன்னீர்கள் என்பது அவர் மனதில் நிற்கும். ஏழு மணி விதியையும் அவர் சீக்கிரம் மறக்க மாட்டார்.

வாராவாரம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மாதக் கடைசியில் உட்கார்ந்து, 9-ஆம் தேதி பால் வந்ததா இல்லையா என்று யாருக்கும் நினைவிருக்காது. ஒரு வாரம் என்றால் இருவருக்குமே நினைவிருக்கும். தவிடும் புண்ணாக்கும் வாங்க அவருக்கும் கையில் காசு புரளும். குறித்து வைக்க மாதக் காலண்டர்தான் வசதி; தினசரிக் காலண்டரில் குறித்தால் மறுநாள் கிழித்துப் போட்டுவிடுவோம், கணக்கும் குப்பைக்குப் போகும். தினமும் குறிக்க வேண்டியதில்லை. வழக்கம்போல் வந்த நாளை வெறுமையாக விட்டுவிட்டு, மாறிய நாளை மட்டும் குறித்தால் போதும். வேண்டாத நாளுக்குப் பெருக்கல் குறி, பாதிக் காசு நாளுக்கு ½, கூடுதலாக வாங்கினால் எவ்வளவு என்று, அவர் வராத நாளுக்கு "வ" என்று ஓர் எழுத்து. அவரிடமும் ஒரு நோட்டு இருக்கும். சனிக்கிழமை காலை வாசலில் இரண்டையும் ஒத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஒரு வாரத்தைப் போட்டுப் பார்ப்போம். தினம் ஒரு லிட்டர், 60 ரூபாய். வாரம் ஞாயிறு தொடங்கிச் சனி வரை. ஞாயிறு வழக்கம்போல், 60. திங்கட்கிழமை விருந்தாளி வருகிறார் என்று முன்பே சொல்லி அரை லிட்டர் கூடுதல், 90. செவ்வாய் 60. புதன்கிழமை வேண்டாம் என்று செவ்வாய் மாலை ஆறு மணிக்கே சொல்லியாகிவிட்டது, காசில்லை. வியாழன் 60. வெள்ளிக்கிழமை திடீரென்று ஊருக்குப் போக வேண்டி வந்து, விடியற்காலை ஐந்தரைக்குத்தான் போன் செய்தார்கள். பாதிக் காசு, 30. சனிக்கிழமை மாட்டுக்கு உடம்பு சரியில்லை, அவர் வரவில்லை. மறுநாள் வந்து கணக்குப் பார்த்தார்கள். மொத்தம் 300 ரூபாய். விதி பேசாமல் இருந்திருந்தால் வெள்ளிக்கிழமைக்கு அவர் 60 கேட்டிருப்பார், இவர்கள் ஒன்றும் தர மாட்டோம் என்றிருப்பார்கள், நடுவில் சனிக்கிழமை வராததைச் சொல்லிக் காட்டியிருப்பார்கள்.

பாக்கெட் பால் போடுகிறவரிடம் இதே பேச்சு கொஞ்சம் மாறும். பால் கெடும் கவலை குறைவு. ஆனால் ஏஜென்ட் நாளைக்கு எத்தனை பாக்கெட் வேண்டும் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். விடியற்காலை வண்டியில் வந்து இறங்கிய பாக்கெட்டை, ஒழுகினால் தவிர, திருப்பி அனுப்ப முடியாது. பாக்கெட்டுக்கு அவருக்குக் கிடைக்கும் கமிஷன் சொற்பம். விற்காமல் நின்ற ஓர் அரை லிட்டர், பல வீட்டுக்குப் போட்டுச் சம்பாதித்ததைத் தின்றுவிடும். அவர் கடையும் வைத்திருந்தால் மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்துப் பகலில் விற்றுவிடுவார். சைக்கிளில் போடுவது மட்டும்தான் தொழில் என்றால் அந்த வழியும் இல்லை. ஆகவே அவரிடம் "எத்தனை மணிக்குக் கணக்குக் கொடுப்பீங்க?" என்று கேட்டு, அதற்கு முன்னால் சொல்வது என்று வைத்துக்கொள்ள வேண்டும். மாலை ஏழு மணி இங்கே தாமதமாக இருக்கலாம்.

காய்கறிக்கு வாரம் ஒரு முறைதான் என்பதால் பேச்சு எளிது. சென்னையில் பெரும்பாலான காய் 1996-இல் திறந்த கோயம்பேடு சந்தையிலிருந்துதான் வருகிறது. லாரிகள் இரவில் இறங்கும். சில்லறை வியாபாரிகள் நள்ளிரவு தாண்டிப் போய் விடிவதற்குள் வாங்கித் திரும்புவார்கள். உங்களுக்குச் சனிக்கிழமை காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமை இரவு அவர் சந்தைக்குக் கிளம்புவதற்கு முன் பட்டியல் போக வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் அதுவே கெடு. கெடுவுக்குப் பிறகு நிறுத்தினாலும் வெங்காயம், உருளைக்கிழங்கு, சேனை போன்றவற்றுக்குக் காசு கேட்க மாட்டார். அடுத்த வீட்டுக்கோ அடுத்த நாளுக்கோ அவை போய்விடும். உங்களுக்காகவே வாங்கிய கொத்தமல்லிக் கட்டும் காளானும் அப்படிப் போகாது, அவற்றின் காசைக் கொடுத்துவிடுங்கள். விலை தினமும் மாறும் என்பதால் ஒரு மேல்வரம்பு சொல்லி வைப்பது உதவும்: "பீன்ஸ் கிலோ 80-க்கு மேல போனா வேண்டாம், அதுக்குப் பதிலா அவரைக்காய் போடுங்க." இல்லாத காய்க்கு என்ன மாற்று என்று சொல்லாவிட்டால் சந்தையில் மலிந்து கிடப்பது கூடையில் நிறைந்து வரும், பெரும்பாலும் அது சுரைக்காயாக இருக்கும்.

கீரையை மட்டும் இந்த வாரக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாங்கிய அன்றே சமைக்க வேண்டிய பொருள் அது. காலையில் தெருவோடு வருகிற கீரைக்காரம்மாவிடம் அன்றன்றைக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே எந்த விதியும் தேவைப்படாது.